ஒரு கட்டம், ஒரு மதிப்பு

மேல்நிலைப் பள்ளி ஒன்றின் வகுப்பாசிரியர், தம்மிடம் பயிலும் மாணவர்களின் விவரங்கள் அனைத்தும் ஒரே தாளில் அடங்கிவிட வேண்டுமென்ற நியாயமான விருப்பத்தோடு, கணினியில் ஓர் அட்டவணையைத் திறந்து, மாணவருக்கு ஒரு வரி என்று வகுத்துக்கொண்டு, முதற் பத்தியில் பதிவெண்ணையும், அடுத்ததில் பெயரையும், மூன்றாவதில் அந்த மாணவர் எடுத்துக்கொண்ட நான்கு விருப்பப் பாடங்களையும், நான்காவதில் அப்பாடங்களில் பெற்ற மதிப்பெண்களையும், ஐந்தாவதில் அவர் சேர்ந்திருக்கும் மன்றங்களையும் எழுதி வைக்கிறார் என்று கொள்வோம். அந்தத் தாளின் முதல் மூன்று வரிகள் இவ்வாறு இருக்கும்:

```
101 | கயல்விழி | கணிதம், இயற்பியல், வேதியியல், உயிரியல்
    | 78, 31, 71, 83 | சாரணர், சதுரங்கம்
102 | அன்வர் | வணிகவியல், கணக்குப்பதிவியல், பொருளியல், வணிகக் கணிதம்
    | 73, 67, 59, 88 | சதுரங்கம்
103 | ஜெபா | இயற்பியல், வேதியியல், கணினி அறிவியல், கணிதம்
    | 42, 55, 90, 29 | சாரணர்
```

மனிதக் கண்ணுக்கு இதில் யாதொரு சிரமமும் இல்லை. இரண்டாவது பாடத்துக்கு நேரே இரண்டாவது எண் நிற்கிறது என்பதையும், காற்புள்ளி ஒரு பாடத்தை மற்றொன்றிலிருந்து பிரிக்கிறது என்பதையும் நாம் சொல்லாமலே உணர்ந்துகொள்கிறோம். ஆனால் தரவுத்தளத்துக்கு அந்தக் காற்புள்ளி ‘க’ என்பதைப் போலவோ ‘ம்’ என்பதைப் போலவோ வெறும் ஓர் எழுத்து. அதன் பார்வையில் கயல்விழியின் பாடக் கட்டத்தில் இருப்பது நான்கு பாடங்கள் அல்ல, நீண்ட ஒரே சொற்றொடர். மதிப்பெண் கட்டத்தில் இருப்பதும் எண் அன்று, இலக்கங்கள் கலந்த எழுத்துத் தொடரே. அந்தப் பத்தியைக் கூட்டுமாறு கணக்குத்தாள் மென்பொருளிடம் கேட்டால், எழுத்தாகக் கருதப்படும் கட்டங்களைச் சத்தமில்லாமல் ஒதுக்கிவிட்டு, கூட்டுத்தொகை சுழியம் என்று அது நிம்மதியாகச் சொல்லும். பிழையென்று கூவியிருந்தாலாவது நமக்கு உபகாரமாக இருந்திருக்கும்.

கணிதம் படிப்பவர்கள் யார் யார் என்று தலைமையாசிரியர் கேட்கிறார். இதைவிட எளிய கேள்வி ஒரு பள்ளியில் எழுவது அரிது. பல மதிப்புகள் அடைபட்ட கட்டத்தினுள்ளே தேடுவதற்குத் தரவுத்தள மொழி தரும் உபாயம், அந்தத் தொடரில் எங்கேனும் இந்தச் சொல் வருகிறதா என்று பார்ப்பதுதான்:

```
SELECT roll_no FROM sheet
WHERE subjects LIKE '%கணிதம்%';
```

விடையாக 101, 102, 103 ஆகிய மூவரும் வருகிறார்கள். அவர்களில் அன்வர் படிப்பது வணிகக் கணிதம். கணிதப் பாடத்துக்கும் அவருக்கும் சம்பந்தமே இல்லை. சரி, முன்னால் ஒரு காற்புள்ளியும் இடைவெளியும் இருக்கவேண்டுமென்று நிபந்தனையைத் திருத்தினால் அன்வர் நீங்கிவிடுகிறார், ஆனால் கணிதத்தை முதலாவதாக எழுதியிருக்கும் கயல்விழியும் அவரோடு சேர்ந்து போய்விடுகிறார், ஏனெனில் அவருடைய கட்டத்தில் அந்தச் சொல்லுக்கு முன்னால் எதுவுமே இல்லை. தொடக்கத்தில் வருவதற்கு ஒரு விதி, நடுவில் வருவதற்கு ஒரு விதி, யாரோ இடைவெளி விடாமல் தட்டச்சு செய்த கட்டங்களுக்கு இன்னொரு விதி என்று வினவல் வளர்ந்துகொண்டே போகும். வேதியியலைத் தேடும் நாளில் உயிர்வேதியியல் வந்து மறுபடியும் அதே வழக்கைத் தொடுக்கும். அதுமட்டுமன்று: அந்தக் கட்டத்தில் பள்ளியில் இல்லாத ஒரு பாடத்தின் பெயரை எவரேனும் எழுதிவிட்டால், அதை மறுக்கும் சக்தி அட்டவணைக்குக் கிடையாது. தொடரின் உள்ளே நடப்பது அதன் அதிகார எல்லைக்கு அப்பாற்பட்டது.

இந்த அவஸ்தையை ஒருமுறை பட்டவர்கள் பெரும்பாலும் செய்யும் சீர்திருத்தம் ஒன்று உண்டு. கட்டத்துக்குள் காற்புள்ளி வேண்டாமென்று தீர்மானித்து, பாடம்1, மதிப்பெண்1, பாடம்2, மதிப்பெண்2 என்று தொடங்கி நான்காவது ஜோடி வரையில் எட்டுப் பத்திகளை வரிசையாகத் திறந்துவிடுகிறார்கள். இப்போது ஒவ்வொரு கட்டத்திலும் ஒரே ஒரு சொல் அல்லது ஒரே ஓர் எண் இருக்கிறது. கூட்டல் வேலை செய்கிறது. தாளும் லட்சணமாகத் தோன்றுகிறது. ஆயினும் கட்டத்துக்குள் இருந்த பட்டியல் எங்கும் போய்விடவில்லை. படுத்திருந்த இடத்தை மாற்றிக்கொண்டு பத்திகளின் தலைப்பில் போய்க் குடியேறியிருக்கிறது, அவ்வளவுதான். ஒரே ரகமான விவரம் ஒரே வரியில் திரும்பத் திரும்ப வருமாறு அமைத்த இப்படிப்பட்ட பத்திக் கூட்டத்தை மீள்வரும் தொகுதி என்பர். கோபால் மொழியில் எழுதப்பட்ட பழைய வணிக நிரல்களில் இதற்கென்றே `OCCURS` என்னும் வாசகம் இருந்தது. ஆகவே இந்த வழக்கத்தைத் தொடங்கிவைத்த பழி பள்ளி ஆசிரியர்களைச் சாராது.

இந்த அமைப்பில், கணிதத்தில் 35க்குக் குறைவாகப் பெற்றவர்கள் யார் என்று கேட்க வேண்டுமானால், எந்த மாணவர் கணிதத்தை எத்தனையாவது ஸ்தானத்தில் எழுதியிருக்கிறார் என்பது தெரியாதாகையால், நான்கு இடத்திலும் தேடியாக வேண்டும். அவசரத்தில் இருப்பவர், ஏதாவது ஒரு பாடப் பத்தியில் கணிதம் இருந்து, ஏதாவது ஒரு மதிப்பெண் பத்தியில் 35க்குக் குறைந்த எண்ணும் இருந்தால் போதுமென்று எழுதிவிடுவார். விடையில் ஜெபாவின் பெயர் வருவது சரியே. அவர் கணிதத்தில் பெற்றது 29. ஆனால் கயல்விழியும் உடன் வருகிறார். அவர் கணிதத்தில் பெற்றதோ 78. இயற்பியலில் பெற்ற 31 அவரைக் கணிதத்தில் தவறியவராக்கிவிட்டது. பிழையில்லாமல் கேட்க வேண்டுமானால், ஒவ்வொரு பாடத்தையும் அதனதன் மதிப்பெண்ணோடு கைபிணைத்து நான்கு முறை எழுத வேண்டும்:

```
SELECT roll_no FROM sheet
WHERE (sub1 = 'கணிதம்' AND mark1 < 35)
   OR (sub2 = 'கணிதம்' AND mark2 < 35)
   OR (sub3 = 'கணிதம்' AND mark3 < 35)
   OR (sub4 = 'கணிதம்' AND mark4 < 35);
```

இந்த இடத்தில் சற்று நின்று யோசிப்பது பிரயோஜனமுடையது. 31 என்னும் எண் இயற்பியலுக்கு உரியது என்ற செய்தி அந்த அட்டவணையில் எங்கே இருக்கிறது? `sub2`, `mark2` என்ற இரண்டு பெயர்களின் கடைசியிலும் 2 என்ற இலக்கம் இருக்கிறதே, அதில்தான் இருக்கிறது, வேறெங்கும் இல்லை. தரவுத்தளமோ பத்திகளின் பெயர்களைப் படித்துப் பொருள் கொள்வதில்லை. அதற்கு `mark2` என்பதும் `mark3` என்பதும் ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாத இரு பத்திகள். செய்தியின் உயிர்நாடியான இணைப்பை, இயந்திரம் ஒருபோதும் பார்க்காத ஓரிடத்தில் எழுதி வைத்துவிட்டு, ஒவ்வொரு முறையும் அதை நினைவுபடுத்தும் பொறுப்பை வினவல் எழுதுபவர் தலையில் சுமத்தியிருக்கிறோம். ஒரே மாணவருக்கு `sub1` பத்தியிலும் `sub4` பத்தியிலும் கணிதமே எழுதப்பட்டு, இரண்டுக்கும் வெவ்வேறு மதிப்பெண்கள் இடப்பட்டால் அதைத் தடுக்கவும் எளிய வழியில்லை. ஐந்தாவது பாடம் ஒன்று அனுமதிக்கப்படும் வருஷத்தில் அட்டவணையின் உருவத்தையும், அதுவரை எழுதப்பட்ட வினவல்கள் அத்தனையையும் மாற்ற வேண்டும். மூன்றே பாடம் எழுதுபவருக்கோ இரண்டு கட்டங்கள் வெறுமையாகக் கிடந்து, பாடமே இல்லையா, மதிப்பெண் இன்னும் வரவில்லையா என்ற சந்தேகத்தை எழுப்பும்.

ஐபிஎம் நிறுவனத்தின் சான் ஹோசே ஆய்வுக்கூடத்தில் பணியாற்றிய ஆங்கிலேயக் கணிதவியலாளர் எட்கர் காட், 1970ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் அமெரிக்கக் கணினியியல் சங்கத்தின் இதழொன்றில் வெளியிட்ட கட்டுரையில், தரவுகளை அட்டவணைகளாக, அவருடைய பரிபாஷையில் ‘உறவுகளாக’, அமைக்கும் முறையை முன்வைத்தபோது எடுத்துக்கொண்ட உதாரணம் மாணவர் பதிவேடு அன்று. ஒரு நிறுவனத்தின் ஊழியர் பதிவேடு. ஊழியருக்கு ஓர் எண், பெயர், பிறந்த தேதி. அவற்றோடு அவர் வகித்த பதவிகளின் வரலாறு. அந்த வரலாற்றின் ஒவ்வொரு பதவிக்குள்ளும் சம்பள உயர்வுகளின் வரலாறு. தனியே அவருடைய குழந்தைகளின் பட்டியல். இப்படிக் கிளைக்குள் கிளையாக இருந்த அந்த ஒரே பதிவேட்டை அவர் நான்கு தட்டையான அட்டவணைகளாகப் பிரித்தார். முறை மிகவும் சாமானியமானது: உள்ளே அடங்கிய பட்டியலை வெளியே எடுத்துத் தனி அட்டவணையாக்க வேண்டும், ஆனால் எடுக்கும்போது, அது யாருக்கு உரியது என்பது மறந்துபோகாதபடி, தாய் அட்டவணையின் திறவுகோலை அதன் ஒவ்வொரு வரிக்கும் கொடுத்து அனுப்ப வேண்டும். ஆகவே குழந்தைகளின் அட்டவணையில் ஊழியர் எண்ணும் வரும். சம்பள அட்டவணையிலோ ஊழியர் எண்ணோடு பதவியேற்ற தேதியும் வரும். கட்டங்களில் பகுபடாத மதிப்புகள் மட்டுமே இருக்கும் இந்த நிலையை அவர் அப்போது வெறுமனே இயல்பு வடிவம் என்று அழைத்தார். மேலும் கடுமையான வடிவங்களைப் பின்னர் அவரே வகுத்தபோது, இதற்கு முதல் இயல்பு வடிவம் என்ற பெயர் நிலைத்தது.

இதே சிகிச்சையை நம் தாளுக்குச் செய்தால், பதிவெண்ணும் பெயரும், இப்போதைக்கு மன்றங்களும், ஓர் அட்டவணையில் நிற்கும். பாடங்கள் வெளியேறி, பதிவெண், பாடம், மதிப்பெண் என்ற மூன்றே பத்திகளையுடைய வேறோர் அட்டவணையாகும். கயல்விழிக்கு அதில் நான்கு வரிகள்:

```
101 | கணிதம்      | 78
101 | இயற்பியல்   | 31
101 | வேதியியல்   | 71
101 | உயிரியல்    | 83
```

31 இயற்பியலுக்கு உரியது என்ற செய்தி இப்போது பத்தியின் பெயரில் ஒளிந்திருக்கவில்லை. இரண்டும் ஒரே வரியில் இருக்கின்றன என்பதே அதைச் சொல்கிறது, அதை இயந்திரம் அறியும். பதிவெண்ணும் பாடமும் சேர்ந்தது இந்த அட்டவணையின் முதன்மைத் திறவுகோல் என்று அறிவித்துவிட்டால், ஒருவருக்கு ஒரே பாடம் இருமுறை ஏறுவதைத் தரவுத்தளமே மறுத்துவிடும். பள்ளியில் உள்ள பாடங்களைத் தனியே ஓர் அட்டவணையில் வைத்து, இந்தப் பத்தியில் வருவது அதில் இருந்தாக வேண்டுமென்று கட்டளையிட்டால், இல்லாத பாடம் உள்ளே நுழையாது. ஐந்தாவது பாடம் வந்தால் ஐந்தாவது வரி வரும். அட்டவணையின் உருவம் அப்படியே இருக்கும். நான்கு மடங்காக நீண்டிருந்த கேள்வியும் தன் இயல்பான அளவுக்குச் சுருங்கிவிடுகிறது:

```
SELECT roll_no FROM marks
WHERE subject = 'கணிதம்' AND mark < 35;
```

விடை 103 மட்டுமே. அன்வர் இங்கே தேடுதலில் சிக்குவதில்லை, ஏனெனில் ‘வணிகக் கணிதம்’ என்ற மதிப்பு ‘கணிதம்’ என்ற மதிப்புக்குச் சமமன்று. கேட்கப்படுவது சமமா இல்லையா என்பது மட்டுமே.

இந்த மாற்றத்தில் இழப்பு ஒன்று உண்டென்பதையும் மறைக்க வேண்டியதில்லை. பட்டியலாக எழுதியபோது எது முதலாவது, எது கடைசி என்ற வரிசை தானாகவே இருந்தது. அட்டவணையின் வரிகளுக்கோ தமக்கென்று யாதொரு வரிசையும் கிடையாது. மாணவர் விருப்பம் தெரிவித்த வரிசை பள்ளிக்கு முக்கியமானால், அதற்கென விருப்ப எண் என்று ஒரு பத்தியைச் சேர்த்து வெளிப்படையாக எழுதத்தான் வேண்டும். எழுதாமல் குறிப்பாய் உணர்த்தியது எதுவும் இங்கே செல்லாது.

மன்றங்கள் என்ற பத்தி இன்னும் காற்புள்ளியோடு தாய் அட்டவணையில் கிடக்கிறது. கட்டத்துக்கு ஒரு மதிப்பு என்ற விதியைச் சொல்லுக்குச் சொல் பின்பற்ற முனைபவர்கள், தனி அட்டவணை எதற்கென்று எண்ணி, மன்றத்தையும் பாடத்தையும் ஒரே அட்டவணையில் வரிகளாக விரித்துவிடுவதுண்டு. கயல்விழிக்குப் பாடங்கள் நான்கு, மன்றங்கள் இரண்டு. எந்தப் பாடத்துக்கு எதிரே எந்த மன்றத்தை எழுதுவது என்பதற்கு நியாயமே இல்லாததால், ஒவ்வொரு பாடமும் ஒவ்வொரு மன்றத்தோடும் ஜோடி சேர்ந்து எட்டு வரிகளாகின்றன. ஒவ்வொரு கட்டத்திலும் ஒரே மதிப்புத்தான். முதல் இயல்பு வடிவத்தின் நிபந்தனை குறைவின்றி நிறைவேறியிருக்கிறது. இப்போது அவருடைய மதிப்பெண்களைக் கூட்டினால், உண்மையான 263க்குப் பதிலாக 526 வருகிறது. நான்கு பாடங்களுக்கும் உச்சவரம்பு 400 ஆதலால் இந்தத் தவற்றை எவரும் கண்டுகொள்வர். ஆனால் சராசரி கேட்டால் நிலைமை விபரீதமாகிறது. அவருடைய தனிச் சராசரி எட்டு வரிகளிலும் நான்கு வரிகளிலும் 65.75 என்றே வருவதால் அங்கே பிழை தலைகாட்டுவதில்லை. வகுப்பின் கணிதச் சராசரியோ, 78 பெற்ற கயல்விழி இருமுறையும் 29 பெற்ற ஜெபா ஒருமுறையும் எண்ணப்படுவதால், 53.5க்குப் பதிலாக 61.7 ஆகிவிடுகிறது. நம்பத்தகுந்த எண்ணாக இருப்பதால் யாரும் அதைச் சந்தேகிக்கப்போவதில்லை. மன்றம் எதிலும் சேராத மாணவரோ, வெறுங்கட்டத்தோடு நிற்பார், அல்லது அட்டவணையிலிருந்தே மறைந்துபோவார்.

ஊழியரின் பதவி வரலாற்றையும் குழந்தைகளையும் காட் தனித்தனி அட்டவணைகளாகவே பிரித்ததன் காரணம் இதில் விளங்கும். ஒன்றையொன்று சாராத இரண்டு பட்டியல்களுக்கு இரண்டு அட்டவணைகள் வேண்டும்: பதிவெண்ணும் பாடமும் மதிப்பெண்ணும் ஒன்றில், பதிவெண்ணும் மன்றமும் மற்றொன்றில். வரிகள் வீணாகத் திரும்பவருவதன் பல்வேறு வகைகளை ஆராய்ந்து விலக்குவது அடுத்தடுத்த இயல்பு வடிவங்களின் பணி; முதலாவது வடிவம் அவ்வளவு தூரம் போவதில்லை.

இனி, பகுபடாதது என்பதற்கு என்ன பொருள் என்ற கேள்வி. கயல்விழி கணிதத்தில் பெற்ற 78, எழுத்துத் தேர்வுக்கு 51, செய்முறைக்கு 18, அகமதிப்பீட்டுக்கு 9 என்று மூன்றாகப் பிரியக்கூடியதென்று வைத்துக்கொள்வோம். ‘கயல்விழி’ என்ற பெயர் எழுத்துகளாகப் பிரியும். பிறந்த தேதி நாள், மாதம், ஆண்டு என்று பிரியும். தன்னியல்பிலேயே பிரிக்க முடியாத மதிப்பைத் தேடிப் புறப்பட்டால், ஒற்றை இலக்கத்தைத் தவிர எதுவும் கைக்கு அகப்படாது போலிருக்கிறது. காட் 1990இல் வெளியிட்ட தமது நூலில் கொடுத்த விளக்கம், சில விசேஷச் செயற்கூறுகள் நீங்கலாகத் தரவுத்தளம் தானே சிறு துண்டுகளாக உடைக்க முடியாதது என்ற அளவில் நிற்கிறது. அவருடைய கொள்கையைப் பரப்பியவர்களில் தலைசிறந்தவரான கிறிஸ் டேட், பகுபடாமை என்ற சொல்லுக்குத் தனித்து நிற்கும் பொருளே கிடையாதென்றும், ஒரு கட்டத்தின் மதிப்பு எவ்வளவு சிக்கலாக இருப்பினும், ஓர் அட்டவணையாகவே இருப்பினும், அது ஒரே மதிப்பாக இருந்தால் போதுமென்றும் வாதித்தார். தத்துவத்தில் டேட் சொல்வதே சரியென்பது என் அபிப்பிராயம். ஆயினும் பள்ளி அலுவலகத்தில் உட்கார்ந்து அட்டவணை வரைபவருக்குக் காட் கூறியதிலிருந்து ஒரு நடைமுறைச் சோதனையை வகுத்துக்கொள்ளலாம்: இந்தக் கட்டத்தின் ஒரு துண்டை மட்டும் தனியே கேட்க வேண்டிய சந்தர்ப்பம் நமக்கு வருமா?

மொத்த மதிப்பெண்ணைத் தவிர வேறெதையும் கேட்கப்போவதில்லையென்றால் 78 பகுபடாதது. செய்முறையில் எவ்வளவு என்று கேட்கப்படுமானால் மூன்று தனிப் பத்திகள் வேண்டும். அதற்குப் பதிலாக ஒரே கட்டத்தில் ‘51+18+9’ என்று எழுதி வைப்பது பழைய காற்புள்ளியை வேறு வேஷத்தில் அழைத்துவருவதாகும். பிறந்த தேதியைத் தேதி என்ற வகையிலேயே வைத்தால், மாதத்தைப் பிரித்துத் தரும் செயற்கூறு தரவுத்தளத்திலேயே இருப்பதால், அது ஒரே பத்தியில் இருப்பதில் தோஷமில்லை. பெயரின் முன்னெழுத்து விஷயமோ நம்மவர்க்கே உரியது. ‘மு. கயல்விழி’ என்று ஒரே கட்டத்தில் எழுதிவிட்டுப் பெயர் வரிசைப்படி பட்டியல் கேட்டால், தகப்பனார் பெயரின் வரிசைப்படிதான் பட்டியல் வரும். வருகைப் பதிவேடு பெயர் வரிசையில் வேண்டுமென்று கருதும் பள்ளி முன்னெழுத்துக்குத் தனிப் பத்தி கொடுக்கத்தான் வேண்டும். ஆசிரியர் எழுதும் நடத்தைக் குறிப்பு நூறு சொற்களில் இருந்தாலும், அதை முழுவதுமாகப் படிப்பதன்றி வேறெதுவும் செய்யப்போவதில்லையாதலால், அது பகுபடாத ஒரே மதிப்பு.

கண்ணை மிகவும் ஏமாற்றுவது, ஒரே மதிப்பைப்போலத் தோன்றும் குறியீட்டு எண். சேர்ந்த ஆண்டு 24, பிரிவு B, வரிசை எண் 017 என்ற மூன்றையும் ஒட்டவைத்து ‘24B017’ என்று பதிவெண் அமைக்கும் வழக்கம் பல இடங்களில் உண்டு. அதில் காற்புள்ளி இல்லை, இடைவெளியும் இல்லை. யாரும் அதைப் பிரித்துப் படிக்காதவரையில் அது நல்ல திறவுகோலே. என்றைக்கு B பிரிவு மாணவர்களைக் கண்டெடுக்க யாரோ ஒருவர் அதன் மூன்றாவது எழுத்தை வெட்டி எடுக்கிறாரோ, அன்றைக்கு அந்தக் கட்டத்தில் மூன்று மதிப்புகள் குடியிருக்கின்றன என்பது வெளிப்படுகிறது:

```
SELECT roll_no FROM student
WHERE SUBSTR(roll_no, 3, 1) = 'B';
```

அந்தப் பதிவெண்ணுக்குரிய மாணவர் பாதி வருஷத்தில் C பிரிவுக்கு மாற்றப்பட்டால், பதிவெண்ணை மாற்றுவதா, அல்லது பொய்யான எழுத்தோடு அதை அப்படியே விடுவதா என்ற தர்மசங்கடம் உண்டாகும். மாற்றினால், மதிப்பெண் அட்டவணையிலும் மன்ற அட்டவணையிலும் அந்த எண்ணைத் தாங்கிய ஒவ்வொரு வரியையும் மாற்ற வேண்டும்; விட்டுவிட்டால், மேற்கண்ட வினவல் இனி ஒவ்வொரு முறையும் அவரை B பிரிவிலேயே காட்டும். பிரிவுக்கென்று ஒரு பத்தியைத் தனியே வைத்திருந்தால், மாற்ற வேண்டியது ஒரே வரியில் ஒரே கட்டம்.

சில தரவுத்தள மென்பொருள்கள் ஒரே கட்டத்தில் பட்டியலையே ஒரு தனி வகையாக வைக்க இடங்கொடுக்கின்றன. 1999ஆம் ஆண்டின் எஸ்.க்யூ.எல். தரநிலையும் அதை ஏற்றுக்கொண்டிருக்கிறது. உறுப்புகளை இயந்திரமே அறிந்து எண்ணக்கூடிய அந்தப் பட்டியல், காற்புள்ளியிட்ட எழுத்துத் தொடரைவிட எவ்வளவோ மேலானது. முழுமையாக எடுத்து முழுமையாகவே திருப்பி வைக்கும் விவரங்களுக்கு, உதாரணமாக ஒரு மாணவரின் ஓட்டப் பயிற்சியில் அடுத்தடுத்துக் குறித்த நேரங்களுக்கு, அது பொருத்தமாகவும் இருக்கலாம். பாடங்களை அப்படி வைத்தால், அவை பள்ளியின் பாட அட்டவணையில் உள்ளவைதாமா என்ற காவலைச் சாதாரண முறையில் அமைக்க முடிவதில்லை. ஒவ்வொன்றுக்கும் மதிப்பெண் என்ற துணை விவரம் சேர்ந்தவுடன் இரண்டாவது பட்டியலொன்று பக்கத்தில் முளைத்து, இரண்டாவது பாடத்துக்கு இரண்டாவது எண் என்று எண்ணிப் பார்க்கும் வேலை மறுபடியும் தொடங்கிவிடுகிறது.